“பிள்ளை கறுத்துப்போய் வந்திருக்கிறா”

கலியாண அல்பம் கொடுத்த பிறகு வருகிற முறைப்பாடுகளில் நாங்கள் அதிகம் கேட்ட வசனம் இதுதான். “பிள்ளை கறுத்துப்போய் வந்திருக்கிறா, கொஞ்சம் வெள்ளையாக்கித் தரேலாதோ?” பொம்பிளையின் அம்மா கேட்பா, மாப்பிள்ளையின் அக்கா கேட்பா, சில நேரம் வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு சித்தப்பா கேட்பார்.

நாங்கள் இரண்டு பேர். யாழ்ப்பாணத்தில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஒரு அண்ணையோடு உதவியாளர்களாக நிற்கிறோம். பகலில் பை தூக்குவதும் லைற் பிடிப்பதும், இரவில் அதே படங்களைத் தெரிவுசெய்து நிறம் திருத்துவதும் எங்கட வேலை. வேறு இடங்களில் லைற் பிடிக்கிற ஆள் வேறு, எடிற் செய்கிற ஆள் வேறு. இரண்டையும் நாங்களே செய்வதால் ஒரு விசயம் விளங்கியது. படத்தில் ஆள் கறுத்து வருவதற்கு அநேகமாக அவரின் தோல் காரணமில்லை. மண்டபத்தில் இரண்டு இடத்திலும் கணினிக்கு முன்னால் ஒரு இடத்திலும் விடுபடுகிற சின்னச் சின்ன விசயங்கள்தான் காரணம். அவற்றில் முதல் இரண்டும் உதவியாளரின் கையில் இருக்கின்றன.

முதலாவது, லைற் நிற்கிற தூரம்.

மணவறையில் கமராவில் பூட்டின பிளாஷை நேராக அடித்தால் முகம் தட்டையாகும், பின்னால் நிழல் விழும். ஓமப்புகை இருந்தால் அந்த வெளிச்சம் புகையில் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் பனி மாதிரி ஆகிவிடும். அதனால் அண்ணை இன்னொரு பிளாஷைத் தடியில் கட்டி, அதற்கு வெள்ளைத்துணி போட்ட சொப்ட்பொக்ஸ் மாட்டி, எங்களில் ஒருவரிடம் தருவார். ஆட்களின் தலைக்கு மேலாக, மணவறைக்கு ஒரு பக்கமாக அதைப் பிடிக்க வேண்டும்.

இதில் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, காற்பங்காகும். இரண்டு மீற்றரில் நிற்கிற நாங்கள் சனம் நெருக்கி மூன்று மீற்றருக்குப் போனால், முகத்தில் விழுகிற வெளிச்சம் பாதிக்கும் குறைந்துவிடும். தாலி கட்டுகிற நேரம் இது கட்டாயம் நடக்கும். கெட்டிமேளம் கேட்டதும் அறுகரிசியோடு எல்லாரும் எழும்பி முன்னுக்கு வருவார்கள். ஐம்பது கைபேசிகள் உயரும். அண்ணை குனிந்து கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது அவருக்குத் தெரியாது. பிளாஷின் அளவை அவர் கையால்தான் வைப்பார், அது தானாகக் கூடாது.

அதற்காக எங்களுக்குள் ஒரு சைகை இருக்கிறது. ஓர் அடி எடுத்து வைக்கிற அளவுக்குப் பின்னுக்குப் போனால் சுதந்திரமாக இருக்கிற கையில் ஒரு விரல் காட்டுவோம். அவர் கமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுவார். கிட்டப் போய்விட்டால் கையை மூடிக் காட்டுவோம். மேளச் சத்தத்துக்குள் கத்திச் சொல்லி ஒன்றும் கேட்காது. தாலி கட்டி முடிய அரை நிமிசம்கூட ஆகாது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை எழும்பி நிற்பார், பொம்பிளை இருப்பா, அவரின் கையும் சால்வையும் அவவின் முகத்துக்கு வருகிற வெளிச்சத்தை மறைக்கும். லைற் மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றால் முகம் இருட்டுத்தான். அதனால் எழும்புவதற்கு முன்னமே மற்றப் பக்கத்துக்கு மாறி நிற்க வேண்டும். சடங்கின் ஒழுங்கு தெரியாமல் லைற் பிடிக்க ஏலாது என்பது இங்கேதான் விளங்கும்.

சடங்கின் ஒழுங்கு இன்னொரு உதவியும் செய்கிறது. கூறை கொடுத்த பிறகு பொம்பிளை உடுப்பு மாற்றப் போவா. எங்களுக்குக் கிடைக்கிற ஒரே இடைவேளை அதுதான். பாதி பற்றரி மிச்சம் இருந்தாலும் எல்லாப் பற்றரியையும் மாற்றுவோம், கார்ட்டையும் பார்ப்போம். அவ திரும்பி வரும்போது சேலையின் நிறம் மாறியிருக்கும். பெரும்பாலும் கடும் சிவப்புப் பட்டு. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலே சிவப்புப் பட்டில் நூல் வேலை எல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் தட்டாகிவிடும். ஆனால் சேலைக்காகப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருண்டுபோகும். அதனால் சொப்ட்பொக்ஸை முகத்துக்கு நேராகத் திருப்பி, சேலையில் அதன் ஓரம் மட்டும் படுகிற மாதிரிச் சரித்துப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நிறங்கள் கலப்பது.

ஒரு மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மணவறையில் மஞ்சள் பல்புகள். பின்னால் நிறம் மாறி மாறி எரிகிற எல்ஈடி. ஒரு பக்க யன்னலால் வருகிற பகல் வெளிச்சம் அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். நடுவில் எங்கட பிளாஷ் வெள்ளை. எங்கட கண் இதையெல்லாம் சமாளித்துவிடும், கமரா சமாளிக்காது. ஒரே முகத்தில் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். மாநிறத் தோலில் நீலமோ பச்சையோ விழுந்தால் அது சாம்பல் பூசின மாதிரித் தெரியும். வீட்டுக்காரர் அதைத்தான் “கறுத்துப் போச்சு” என்கிறார்கள்.

இதற்கு மருந்து ஒரு துண்டுச் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் தாள். அதைப் பிளாஷின் முகத்தில் ஒட்டினால் பிளாஷும் மணவறைப் பல்பும் ஏறத்தாழ ஒரே நிறமாகும். பிறகு கமராவின் நிறச் சமநிலையை அதற்கேற்ப வைத்தால் தோல் தன் நிறத்துக்கு வரும். ஆனால் நிறம் மாறுகிற எல்ஈடிக்கு மருந்து இல்லை. முகத்தில் ஊதா வெளிச்சம் விழுந்தால் பிறகு எந்தத் திருத்தமும் முழுசாகக் காப்பாற்றாது. அதனால் முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் சோடினைக்காரரைத் தேடிப்பிடித்து, “அண்ணை, தாலி கட்டி முடியும்வரைக்கும் இதை ஒரே நிறத்தில விடுங்கோ” என்று கேட்பது எங்கட வேலை. மலிவான எல்ஈடி என்றால் இன்னொரு தொல்லையும் வரும். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அது ஒரு செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். வேகமான சட்டரில் அது படத்தில் கறுப்புக் கோடுகளாக விழும். சட்டரை 1/100க்கு இறக்கினால் அநேகமாகப் போய்விடும்.

மூன்றாவது இடம் வீட்டுக்கு வந்த பிறகு.

முதல் வேலை கார்ட்டுகளை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் பிரதி எடுப்பது. இரண்டிலும் படங்கள் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கார்ட்டை அழிப்பதில்லை. ஒரு கலியாணத்துக்கு இரண்டு கமராவிலும் சேர்த்து மூவாயிரம் படமளவில் வரும். காலையிலேயே இரண்டு கமராவின் மணிக்கூட்டையும் செக்கன் சரியாக ஒன்றாக்கியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நிற்கும். இல்லாவிட்டால் தாலி கட்டின பிறகு கூறை கொடுக்கிற மாதிரிப் படங்கள் கலந்துவிடும். லைற்றூமில் `P` அடித்தால் வைப்பது, `X` அடித்தால் தள்ளுவது. கண் மூடினது, மங்கினது, மறைந்தது போக அறுநூறு மிஞ்சும்.

இந்த மூவாயிரத்தையும் பார்க்கிற நேரம்தான் எங்கட வகுப்பு. எந்தப் படத்தில் லைற் கிட்ட நின்றது, எந்தப் படத்தில் ஓர் அடி தள்ளி நின்றது என்பது முகங்களிலேயே எழுதியிருக்கும்.

இனி அந்த வேண்டுகோள். வெள்ளையாக்குவதற்கு லைற்றூமில் சுகமான வழி `Orange` நிறத்தின் `Luminance` கோலை வலப்பக்கம் இழுப்பது. மாநிறத் தோல் அநேகமாக அந்த நிறத்துக்குள்தான் விழும். இழுத்த உடன முகம் வெளுக்கும். அதோடு வேறு என்னென்ன வெளுக்கும் என்று ஒரு படத்தில் பார்த்தோம். பொம்பிளை கையால் முகத்தைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிறா. கோலை 40 அளவுக்கு இழுத்தபோது கையில் இருந்த மருதாணி மங்கி, பழைய கறை மாதிரி ஆனது. தாலிக்கொடியின் பொன் வெளிறிப் பித்தளை மாதிரித் தெரிந்தது. முகத்தை மட்டும் தெரிவுசெய்து வெளுக்கலாம் என்று பார்த்தால் காதும் கழுத்தும் தன்ர நிறத்திலேயே நின்றன. பக்கத்தில் நின்ற தங்கச்சி வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தா.

அண்ணை அந்தப் படத்தை இரண்டு விதமாக அச்சடிப்பித்தார். ஒன்று கேட்ட மாதிரி வெளுத்தது. மற்றதில் மஞ்சளைக் குறைத்து நிறத்தைச் சரிப்படுத்தி, படம் முழுவதற்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினது மட்டும். தோலைத் தொடவில்லை. இரண்டையும் மேசையில் வைத்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பொம்பிளை இரண்டாவதை எடுத்தா. “என்ர மருதாணி தெரியுது” என்றா. தாய்க்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் “இது கறுப்பு” என்று அவ திரும்பச் சொல்லவில்லை. அவவுக்குப் பிழையாகப் பட்டது பெரும்பாலும் மஞ்சள் பூத்த இருட்டு, அது போய்விட்டது.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. வெளுத்ததுதான் வேண்டும் என்று நிற்பவர்களும் உண்டு. காசு கொடுக்கிறவர்கள் அவர்கள், செய்து கொடுப்பது அண்ணையின் தொழில். ஆனால் அச்சுப் பார்க்காமல் அவர் ஒருவருக்கும் வெளுத்துக் கொடுப்பதில்லை. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரவில் இருட்டறையில் மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு எடிற் செய்தால் எல்லாப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். கடதாசி தானாக ஒளி விடாது. அல்பம் வரும்போது எல்லா முகமும் ஒரு படி இருண்டிருக்கும், பழி தோலுக்குப் போகும். நாங்கள் திரையைப் பாதியளவுக்கு இறக்கி, முன்பு அச்சடித்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குவோம்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைற் பிடிக்கிற நாளுக்கு எங்களுக்கு ஆளுக்கு 4000 ரூபா. எடிற்றுக்கு வேறாக, அல்பம் கொடுத்த பிறகு. ஆவணி, தை மாதங்களில் கிழமைக்கு மூன்று கலியாணம்கூட வரும், மார்கழியில் ஒன்றும் இல்லை. இந்த வேலைக்குச் சேருகிறவர்கள் ஒரு விசயத்தை முதல் நாளே கேட்டுத் தெளிவாக்குங்கள்: பை தூக்குவதோடு முடியுமா, அந்தப் படங்களைப் பிறகு பார்க்கவும் விடுவார்களா என்று. தூக்கினது மட்டும் என்றால் கிடைக்கிறது நாட்கூலி. நாங்கள் பிடித்த லைற் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழுந்தது என்று இரவில் இருந்து பார்க்கக் கிடைத்தால், அடுத்த மணவறையில் எங்கே நிற்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்திருக்கும்.