எதைவிடப் பத்து விழுக்காடு?

தரவு அறிவியலாளர் ஒருவர் தம் பணியைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சொல்ல விழைகிறார். போட்டியில் தாம் பெற்ற இடம் ஒன்று. தாம் உருவாக்கி, இன்று நடைமுறையில் இயங்கிவரும் மாதிரி மற்றொன்று. அதனால் நிறுவனம் அடைந்த பயன் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நின்றால், படிப்பவர் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகவே எண்ணிக்கொள்வார். ஆனால், இவை வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கப்படுபவை. பத்தாண்டுகளுக்கும் மேலாக இத்துறையில் பணியாற்றும் நான், புதியவர்களின் விண்ணப்பங்களைப் படிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறேன். அவற்றுள் முழுப்பொய்யை நான் கண்டது அரிது. சொல்ல வேண்டிய ஒரு சொல்லை விட்டுவிட்டதால் பெருத்துப்போன உண்மைகளையே மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

இதை விளக்க நெட்ஃபிளிக்ஸ் பரிசுப் போட்டியைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அந்நிறுவனம் அப்போது அமெரிக்காவில் திரைப்படக் குறுந்தட்டுகளை அஞ்சல்வழி வாடகைக்கு அனுப்பி வந்தது. வாடிக்கையாளர்கள் தாம் பார்த்த படத்திற்கு ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்கள் அளித்து மதிப்பிடுவார்கள். அம்மதிப்பீடுகளைக் கொண்டு, இன்னும் பார்க்காத படத்திற்கு ஒருவர் எத்தனை விண்மீன் அளிப்பார் என்று முன்கணிக்கும் ‘சினிமேட்ச்’ என்னும் மென்பொருள் அவர்களிடம் இருந்தது. அதைவிடப் பத்து விழுக்காடு சிறப்பாகக் கணிப்பவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என 2006 அக்டோபரில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்கு அளித்த பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகள் போட்டியாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

2009இல் ‘பெல்கோர்ஸ் பிராக்மேட்டிக் கேயாஸ்’ என்னும் குழு பரிசை வென்றது. அது காட்டிய முன்னேற்றம் 10.06 விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்டவுடன், நூற்றுக்குப் பத்துக் கணிப்புகள் கூடுதலாகச் சரியாயின என்று ஒருவர் நினைக்கலாம். பத்து விழுக்காடு கூடுதலான படங்கள் வாடகைக்குப் போயின என்றும் நினைக்கலாம். இரண்டும் தவறு. கணித்த மதிப்பிற்கும் வாடிக்கையாளர் உண்மையில் அளித்த மதிப்பிற்கும் உள்ள வேறுபாடுகளை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, அச்சராசரியின் வர்க்கமூலத்தை எடுப்பதே அப்போட்டியின் அளவுகோல். அந்தப் பிழை சினிமேட்சுக்கு 0.9525, வென்ற குழுவிற்கு 0.8567. இரண்டிற்கும் இடைப்பட்ட 0.0958 என்பது 0.9525இல் 10.06 விழுக்காடு. விண்மீன் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ ஒரு விண்மீனாக இருந்த பிழை, ஒரு விண்மீனின் பத்தில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவான அளவே இறங்கியது. உலகின் தேர்ந்த அறிஞர் பலர் மூன்றாண்டுகள் உழைத்துப் பெற்ற முன்னேற்றம் இது. இதில் இழிவு ஏதுமில்லை. ‘பத்து விழுக்காடு’ என்று எழுதுபவர் ‘பிழையில், சினிமேட்சுடன் ஒப்பிட’ என்னும் சொற்களையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவே.

அப்போட்டியின் முடிவில் நடந்தது இதைவிடச் சுவையானது. விடைகள் மறைக்கப்பட்ட தரவுகளை நடத்துநர்கள் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் கிடைக்கும் மதிப்பெண் பொதுவான தரவரிசைப் பலகையில் உடனுக்குடன் வெளியாகும். மறுபாதியின் மதிப்பெண் நடத்துநர்களுக்கு மட்டுமே தெரியும். பரிசு அதன்படியே வழங்கப்படும். போட்டியாளர் தம் முடிவுகளை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கையில், கண்ணுக்குத் தெரியும் பலகைக்கு ஏற்பத் தம் மாதிரியைத் தம்மை அறியாமலேயே வளைத்துவிடக்கூடும். அப்படி வளைந்ததை மறைவான பாதி காட்டிக்கொடுக்கும். போட்டி முடிந்த நாளில் பொதுப்பலகையில் முதலிடத்தில் நின்றது ‘தி என்செம்பிள்’ என்னும் வேறொரு குழு, 10.10 விழுக்காடு பெற்றிருந்தது. மறைவான பாதியிலோ, விதிப்படி நான்கு தசம இடங்களுக்குத் திருத்தியபோது இரு குழுக்களும் ஒரே எண்ணைப் பெற்றன. இருபது நிமிடங்கள் முன்னதாக அனுப்பிய குழுவிற்குப் பரிசு சென்றது. ஆகவே, ‘பொதுப்பலகையில் முதலிடம்’ என்பதும் ‘போட்டியில் வெற்றி’ என்பதும் ஒன்றல்ல. அந்த இருபது நிமிடங்கள் திறமையின் அளவாகவும் ஆகமாட்டா.

போட்டியில் வென்ற அம்மாதிரி பின்னர் என்ன ஆயிற்று? இதற்கு விடையை நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களே 2012இல் வெளிப்படையாக எழுதினார்கள். போட்டி தொடங்கிய மறு ஆண்டில், 8.43 விழுக்காடு முன்னேற்றம் காட்டிய குழுவிற்கு ஓர் இடைக்காலப் பரிசு வழங்கப்பட்டிருந்தது. இரண்டாயிரம் மணி நேரத்திற்கு மேல் உழைத்து 107 படிமுறைகளைக் கலந்து அக்குழு அந்நிலையை எட்டியது. அவற்றுள் இரண்டை மட்டுமே நிறுவனம் எடுத்துக்கொண்டது. அவ்விரண்டையும் சேர்த்தாலே பிழை 0.88 அளவிற்கு இறங்கிவிட்டது. எஞ்சிய நூற்றுக்கும் மேற்பட்டவை சேர்ந்து தந்த கூடுதல் பயன் அத்துணைச் சிறிது.

அந்த இரண்டும்கூட அப்படியே இயங்கிவிடவில்லை. அவை பத்துக் கோடி மதிப்பீடுகளுக்காகக் கட்டப்பட்டவை. நிறுவனத்திடம் இருந்தவையோ ஐந்நூறு கோடிக்கும் மேல். போட்டித் தரவு உறைந்துபோனது. நடைமுறையிலோ வாடிக்கையாளர்கள் நாள்தோறும் புதிய மதிப்பீடுகளை அளித்துக்கொண்டே இருந்தார்கள். இவ்விரு குறைகளையும் களைந்த பின்னரே அவை பயன்பாட்டிற்கு வந்தன. பெரும்பரிசு பெற்ற இறுதிக் கலவை வரவேயில்லை. அதன் புதிய முறைகளுள் சிலவற்றைச் சோதித்துப் பார்த்ததாகவும், கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதற்கு வேண்டிய பொறியியல் உழைப்பிற்கு ஈடாகத் தோன்றவில்லை என்றும் எழுதினார்கள். இதற்கிடையே அவர்களுடைய தொழிலும் மாறியிருந்தது. 2007 முதல் படங்களை இணையம்வழி நேரடியாகப் பார்க்க முடிந்ததால், ஒருவர் எதைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்பவை விண்மீன்களைவிடப் பெரிய சான்றுகள் ஆயின.

பரிசு பெற்ற குழுவில் ஒருவர், ‘கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பரிந்துரை அமைப்பை உருவாக்கினேன்’ என்று எழுதினால் அது சரியாகுமா? இடைக்காலப் பரிசின் இரண்டு படிமுறைகளுள் ஒன்றில் அவர் பங்கேற்றிருந்தால், ‘அதன் ஒரு பகுதி, பிறரால் மாற்றியமைக்கப்பட்டுப் பயன்பாட்டிற்கு வந்தது’ என்று எழுதலாம். இறுதிக் கலவையில் மட்டும் பங்கேற்றிருந்தால், ‘போட்டியில் வென்றது’ என்பதோடு நிறுத்த வேண்டியதுதான்.

இனி, தொழிற்பயன். மிகைக்கு மிகுதியாக இடம்கொடுப்பது இதுவே. எனவே சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒரு தொலைபேசி நிறுவனம், சேவையை விட்டு விலகக்கூடிய வாடிக்கையாளர்களைக் கண்டறிய ஒரு மாதிரியைப் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். அது 10,000 பேரைச் சுட்டுகிறது. அவர்களுள் 8,000 பேரை அழைத்துச் சலுகை தருகிறார்கள். 7,200 பேர் விலகாமல் இருந்துவிடுகிறார்கள். ‘என் மாதிரி 7,200 வாடிக்கையாளர்களைத் தக்கவைத்தது’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால், எஞ்சிய 2,000 பேர் யார்? அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, வேண்டுமென்றே அழைக்கப்படாமல் விடப்பட்டவர்கள். அவர்களுள்ளும் 1,740 பேர் விலகவில்லை என்று தெரியவருகிறது. அழைக்கப்பட்டோரில் 90 விழுக்காட்டினர் தங்கினர்; அழைக்கப்படாதோரில் 87 விழுக்காட்டினர் தங்கினர். அழைப்பின் விளைவு மூன்று விழுக்காட்டுப் புள்ளிகள். அதாவது, 8,000 பேரில் 240 பேர்.

இந்த 240உம் உறுதியான எண் அன்று. அழைக்கப்படாத குழு சிறியது. குலுக்கல் சற்று வேறாக அமைந்திருந்தால் எண்ணும் மாறியிருக்கும். புள்ளியியல் முறைப்படி கணக்கிட்டால், விளைவு ஏறத்தாழ 110 பேருக்கும் 370 பேருக்கும் இடையில் இருக்கலாம் என்றே சொல்ல முடியும். அந்த இடைவெளியையும் சேர்த்து எழுதுவதே முறை. அழைக்காமல் விட்ட அந்த 2,000 பேர் இல்லையென்றால் இக்கணக்கே கிடையாது. அப்படி ஒரு குழுவை ஒதுக்கி வைக்க மேலாளர்களை இசையச் செய்வது, மாதிரியைக் கட்டுவதைவிடக் கடினமான வேலை என்பது என் பட்டறிவு.

இன்னும் ஒரு வினா எஞ்சுகிறது. அந்த 240 பேரைத் தங்கவைத்தது மாதிரியா, சலுகையா? மாதிரி ஆளைக் காட்டியது. சலுகையும் அழைத்தவரின் பேச்சும் மனத்தை மாற்றின. மாதிரிக்கு மட்டும் உரிய பங்கை அறிய வேண்டுமானால், பழைய முறைப்படி தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களுக்கும் அதே சலுகையைத் தந்து ஒப்பிட வேண்டும். நெட்ஃபிளிக்சில் பணியாற்றிய இருவர் பின்னாளில் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், தங்கள் பரிந்துரைகளால் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் மிச்சமாகிறது என்னும் செய்தி வருகிறது. பலரும் அந்த எண்ணை மட்டும் எடுத்தாள்கிறார்கள். மூலத்திலோ, தனிநபர்க்கேற்ற அமைப்பும் பரிந்துரையும் சேர்ந்த மொத்த விளைவு என்றும், அது தாங்கள் கருதுவது என்றும் அளவோடு சொல்லப்பட்டுள்ளது. ஒரு படிமுறையின் பெயரும் அந்தத் தொகையோடு ஒட்டப்படவில்லை.

அண்மையில் எங்கள் குழுவில் சேர்ந்த இளைஞர் ஒருவர், பழைய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். ‘தேவையை முன்கணிக்கும் போட்டியில் 12ஆம் இடம், 95 விழுக்காடு துல்லியம்’ என்று அதில் இருந்தது. அந்த இடம் எந்தப் பலகையில் என்று கேட்டேன். பொதுப்பலகையில் 12, இறுதிப்பலகையில் 61 என்றார். துல்லியம் எதனோடு ஒப்பிட என்றேன். சென்ற வாரத்து விற்பனையையே இந்த வாரத்திற்கும் எழுதிவைத்தால் எவ்வளவு வரும் என்று அவர் பார்த்திருக்கவில்லை. அன்று மாலையே கணக்கிட்டுக்கொண்டு வந்தார், 93 வந்திருந்தது.

“இப்படி எழுதினால் யார் சார் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்?” என்று கவலையோடு கேட்டார்.

“93ஐ 95 ஆக்க என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

திருவிழா நாள்களைத் தனியே பிரித்ததையும், கடையில் சரக்கு தீர்ந்துபோன நாள்களின் சுழியை விற்பனைக் குறைவாகக் கொள்ளாமல் நீக்கியதையும் அரைமணி நேரம் விளக்கினார். விண்ணப்பத்தில் அவற்றுள் ஒன்றுகூட இடம்பெறவில்லை. 95 என்னும் எண்ணின் பக்கத்தில் 93ஐயும், அவற்றின் கீழ் இந்த இரண்டு செய்திகளையும் எழுதச் சொன்னேன்.