பேத்திக்கு எந்தச் சொல்லை முதலில் சொல்லிக் கொடுப்பது?

 

பேத்தி ஊருக்குத் திரும்பிப் போய்ப் பத்து நாள் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கிறது. இந்த ஐந்து வாரத்தில் அவளால் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில். வீட்டில் ஆங்கிலம்தான். ஜூன் கடைசியில் வந்து இறங்கியபோது ‘பாட்டி’, ‘தாத்தா’, ‘தோசை’, ‘போதும்’ இந்த நாலைந்து சொற்கள்தான் கைவசம். என் அம்மாவுக்கு எண்பத்தேழு வயது, தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாது. அடுத்த முறை பேத்தி வரும்போது அம்மா இருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு பேரும் இந்த முறை பேசிவிட வேண்டும் என்பது என் ஆசை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று இறங்கினேன். படச் சுவர் அட்டை வாங்கினேன். முதல் வாரம் அறுபது சொல். சிங்கம், மயில், முக்கோணம், ஊதா, பேருந்து, வானவில். கெட்டிக்காரக் குழந்தை, அறுபதையும் ஒப்பித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன். அம்மா கேட்டார்கள்: “என்ன கண்ணு, சாப்ட்டியா? அங்கெல்லாம் குளிரு ரொம்ப இருக்குமோ?” குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாக, “ஏண்டி, பிள்ளைக்கு என்னைப் பிடிக்கலையோ?” என்றார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அறுபது சொல்லில் எத்தனை சொல்லை அம்மா ஒரு நாளில் வாயால் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிங்கம் எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. பேருந்தை அம்மா ‘பஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஊதா நிறத்தைப் பற்றிப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்றோ! நான் புத்தகத்தில் அடிக்கடி வரும் சொல்லைப் பேச்சில் அடிக்கடி வரும் சொல் என்று நினைத்துவிட்டேன். தமிழில் இது பெரிய தப்பு. அச்சில் ‘மற்றும்’ இல்லாத பக்கம் இல்லை, ஆனால் வாயால் யாராவது ‘நீயும் நானும்’ என்பதை ‘நீ மற்றும் நான்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எழுத்தில் ‘மிகவும்’, பேச்சில் ‘ரொம்ப’. எழுத்தில் ‘உள்ளது’, பேச்சில் ‘இருக்கு’.

சரி, எண்ணியே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். போனில் பேச்சைப் பதிவு செய்தேன், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், மொத்தம் பத்து தடவை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுக்கவில்லை. காலையில் அடுப்படியில், பூக்காரம்மா வந்தபோது வாசலில், சாப்பாட்டு நேரத்தில், தங்கச்சி போன் பண்ணியபோது, ராத்திரி திண்ணையில். முதல் பதிவு வீணாகிவிட்டது. போன் ஓடுகிறது என்று தெரிந்ததும் அம்மா மேடையில் பேசுவதுபோல ‘வணக்கம், நான் நலமாக இருக்கிறேன்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள்! அதனால் ஒவ்வொரு தடவையும் போனை முன்கூட்டியே வைத்துவிட்டு, முதல் ஐந்து நிமிஷத்தைக் கணக்கில் விட்டுவிட்டேன். அதற்குள் எல்லோரும் போனை மறந்துவிடுவார்கள்.

பிறகு பழைய வருகைப் பதிவேடுபோல ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். இடது பக்கம் சொல், வலது பக்கம் பத்து கட்டம், பத்து பேச்சுக்கு. பேச்சைப் போட்டுக் கேட்டு, சொல் வரும்போதெல்லாம் அதன் கட்டத்தில் ஒரு கோடு. ஒரு பேச்சை இரண்டு தடவை கேட்டால்தான் சரியாக வந்தது. பத்து நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இங்கே முதல் சிக்கல். ‘வச்சேன்’, ‘வச்சுட்டு’, ‘வைக்கணும்’, ‘வச்சிருக்கேன்’ இவற்றைத் தனித்தனிச் சொல்லாக எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு கோடுதான் விழும், எதுவும் முக்கியமில்லாததுபோலத் தெரியும். எல்லாவற்றையும் ‘வை’ என்ற ஒரே வரியில் சேர்த்தபோதுதான் அது ஒன்பது பேச்சில் வந்திருப்பது தெரிந்தது. நம் மொழியில் ஒரு வினை இத்தனை வேஷம் போடுவதால் வேரை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

இரண்டாவது சிக்கல் தேங்காய். மொத்தக் கோடுகளைக் கூட்டியபோது ‘தேங்காய்’ இருபத்து மூன்று! ‘எங்க’ என்ற கேள்விச் சொல் பத்தொன்பதுதான். அப்படியானால் தேங்காய்தான் முதலில் கற்க வேண்டிய சொல்லா? கட்டத்தைப் பார்த்தால் விடை இருக்கிறது. தேங்காயின் இருபத்து மூன்று கோடும் ஒரே கட்டத்தில். அன்று மரம் ஏறுகிறவர் எண்ணிக்கையில் குறைத்துவிட்டார் என்று அம்மா பத்து நிமிஷமும் அதையே பேசினார்கள். ‘எங்க’ ஒன்பது கட்டத்தில் இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடந்தது. மொத்தம் எத்தனை கோடு என்பதைவிட, எத்தனை பேச்சில் அந்தச் சொல் தலைகாட்டியது என்பதுதான் சரியான கேள்வி. நாளைக்கு நடக்கப்போகும் பேச்சில் தேங்காய் வருமா என்பது நிச்சயமில்லை. ‘எங்க’ கட்டாயம் வரும்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட விதி இதுதான். பத்தில் ஆறு பேச்சுக்கு மேல் வந்தால் இன்றே கற்க வேண்டிய சொல். மூன்று முதல் ஐந்து என்றால் அடுத்த வாரம். ஒன்று, இரண்டு என்றால் நான் சொல்லிக் கொடுப்பதில்லை, அவளே கேட்டால் சொல்வேன். ஆறுக்கு மேல் தேறியவை நாற்பது சொல்கூட இல்லை. என்ன, எங்க, யாரு, இப்ப, அப்புறம், கொஞ்சம், ரொம்ப, இல்ல, வேணாம், சரி, இரு, வா, போ, குடு, பாரு, சொல்லு, சாப்பிடு, பண்ணு, வை, போடு, தெரியும் என்று போகும் பட்டியல். படம் போட்டுக் காட்டக்கூடிய பெயர்ச்சொல் அதில் தண்ணி, வீடு மாதிரி ஒன்றிரண்டுதான். சுவர் அட்டையில் இருந்த அறுபதில் ஒன்றுகூட இதில் இல்லை!

‘போடு’ பெரிய பாடம் கற்பித்தது. முதலில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு அர்த்தம் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் “காபி போடு” என்று கேட்டவுடன் டம்ளரைக் கீழே போடச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திகைத்து நின்றாள். சட்டை போடு, கோலம் போடு, பூட்டுப் போடு, சண்டை போடு, சத்தம் போடாதே. நிறைய வரும் சொல் தனியாக வருவதில்லை, ஒரு கூட்டத்தோடு வரும். அதனால் சொல்லைத் தனியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பதிவில் எந்தத் துணையோடு வந்ததோ அந்தத் துணையோடு கொடுத்தேன்.

எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் எழுத வேண்டும். என் நூறு நிமிஷப் பேச்சில் ‘வலிக்குது’ ஒரு தடவைகூட வரவில்லை. அந்த நாட்களில் யாருக்கும் வலிக்கவில்லை, அவ்வளவுதான். ‘சுடும்’ ஒரே ஒரு தடவை. இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் விட முடியுமா? இந்தச் சங்கடம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. 1950களில் பிரான்சில் ஜார்ஜ் கூகன்ஹைம் என்ற மொழியறிஞரின் குழு, பிரெஞ்சு கற்க வருகிற வெளிநாட்டவருக்காக ஒரு அடிப்படைச் சொற்பட்டியல் தயாரித்தது. புத்தகத்தை நம்பாமல் மக்களின் பேச்சை டேப்பில் பதிவு செய்து, மூன்று லட்சத்துக்கும் அதிகமான சொற்களை எண்ணினார்கள். அத்தனை எண்ணியும், எல்லோருக்கும் தெரிந்த முள்கரண்டி மாதிரியான பொருட்பெயர்கள் பட்டியலில் மேலே வரவில்லை. முள்கரண்டி தினமும் கையில் இருக்கும், அதைப் பற்றிப் பேசத்தான் சந்தர்ப்பம் வராது. அதனால் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் உடம்பு, உடை, சாப்பாடு என்று பதினாறு தலைப்பு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சட்டென்று நினைவுக்கு வரும் இருபது சொல் எழுதச் சொன்னார்கள். பலர் எழுதிய சொற்களைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

நானும் அதைச் செய்தேன். வீட்டில் ஐந்து பேரிடம் ‘உடம்பு சரியில்லை’, ‘அடுப்படி’ என்று இரண்டு தலைப்பு கொடுத்து எழுதச் சொன்னேன். நாலு பேராவது எழுதியதை மட்டும் எடுத்தேன். காய்ச்சல், வலி, மாத்திரை, அடுப்பு, கத்தி, சூடு என்று பதினான்கு சொல் வந்தது. அதையும் நாற்பதோடு சேர்த்தேன்.

இன்னொரு எல்லையும் உண்டு. நூறு நிமிஷப் பேச்சு கொஞ்சம்தான். பட்டியலின் மேல் பகுதியை நம்பலாம். ஒரு தடவை வந்த சொல்லுக்கும் வராத சொல்லுக்கும் நடுவில் இருப்பது தற்செயல். அங்கே எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

மூன்றாம் வாரத்திலிருந்து இந்தச் சொற்கள்தான், அதையும் பேச்சோடு பேச்சாக. நாலாம் வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் கண் அசந்துவிட்டேன். அறையில் பேச்சுச் சத்தம். அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். “எங்க வச்சேன்னு தெரியலையே.” குழந்தை குரல்: “எங்க வச்சீங்க? இங்க இல்ல.” “அங்க பாரு கண்ணு.” “அங்கயும் இல்ல. கொஞ்சம் இருங்க.” அப்புறம் சிரிப்பு. எழுந்து போய்ப் பார்த்தால் கண்ணாடி அம்மாவின் நெற்றிக்கு மேலேயே இருக்கிறது.

அந்தப் பேச்சில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நோட்டில் ஆறு கட்டத்துக்கு மேல் நிறைந்தவை. நான் கதவோரமே நின்றுவிட்டேன், உள்ளே போகவில்லை. ராத்திரி அம்மா, “இப்பல்லாம் பிள்ளை நல்லாப் பேசுது” என்றார்கள்.

என்னிடம் டிக்டேஷனில் குட்டு வாங்கிய பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு நான் கொடுத்த ஆங்கிலச் சொற்களில் எத்தனையை அதற்கப்புறம் ஒருமுறையாவது காதால் கேட்டீர்கள்? எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன், டீச்சரை மன்னியுங்கள். வெளிநாட்டில் குழந்தைகளோடு இருக்கிறவர்கள், உங்கள் வீட்டில் ஒரு பத்து நிமிஷப் பேச்சைப் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர் பேசும் பேச்சுக்கு உங்கள் வீட்டில்தான் கணக்கு எடுக்க வேண்டும். முதல் பத்து சொல் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், நோட்டோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்