4 டாலர் டியூப், 360 ரூபாய் அல்ல

சலூன்களுக்கான ஹேர் கலரை இறக்குமதி செய்து விற்பவர்கள் விலைப்பட்டியலில் 4 டாலர் என்று பார்த்ததும் 90-ஆல் பெருக்கி, 360 ரூபாயின் மேல் லாபம் வைத்துவிடுகிறார்கள். ஆயிரம் டியூபுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரக்கு 4,000 டாலர், கப்பல் கட்டணமும் காப்பீடும் 500 டாலர். இந்தியச் சுங்கம் இந்த 4,500 டாலருக்குத்தான், அதாவது 4,05,000 ரூபாய்க்குத்தான் வரி போடும். அடிப்படைச் சுங்க வரி 20% என்று கொண்டால் 81,000. அந்த வரியின் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி 8,100. துறைமுகச் செலவு, ஏஜென்ட் கூலி, லாரி வாடகை எல்லாம் 25,900. மொத்தம் 5,20,000. இருபது டியூப் நசுங்கி வந்தால் 980-ஆல் வகுக்க வேண்டும். அடக்கவிலை சுமார் 531 ரூபாய். ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுபவர் இதில் சேர்க்கக் கூடாது. பெற முடியாதவர் சேர்த்தே ஆக வேண்டும்.

டாலர் தினமும் மாறும்போது இவ்வளவு துல்லியம் எதற்கு என்பார்கள். சுங்கம் தான் அறிவித்த மாற்று விகிதத்தில் வரியை அன்றே முடித்துவிடுகிறது. பாக்கி நிற்பது சப்ளையருக்கான 4,000 டாலர். அதைக் கட்டும் நாளில் டாலர் 93 ஆகியிருந்தால் கூடுதல் 12,000 ரூபாய். டியூபுக்குப் பன்னிரண்டு சொச்சம்தான். விகித மாற்றத்தைவிட, விட்டுப்போன வரியும் கூலியுமே பெரிய ஓட்டை. போட்டியாளர் 550-க்கு விற்கிறாரே என்றால், சந்தை விலையை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்த விலைக்கு இந்தச் சரக்கை இறக்கலாமா என்பதை ஆர்டர் போடும் முன்பே இந்தக் கணக்கு சொல்லிவிடும்.