பொருள்: ஒரு நாள் விடுப்பு வேண்டி

பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: காய்ச்சல். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல். பத்தாம் வகுப்பில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுதும் முறையைக் கற்றுக்கொண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், உண்மையான காரணத்தைச் சொல்லி ஒருவரிடம் லீவு கேட்கும் சந்தர்ப்பம் வேலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

தருமபுரி மாவட்டம் கடத்தூரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அது வேலையில் சேர்ந்த ஐந்தாவது மாதத்தில் வந்தது. பி.காம். முடித்துவிட்டு, தருமபுரியில் ஒரு மொத்த விற்பனைக் கடையின் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலையில் கடத்தூரில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அதுவரை ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. சேலத்தில் அவள் படித்த கல்லூரியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. பட்டமளிப்பு விழா மார்ச் 11, புதன்கிழமை. அந்த வீட்டில் பட்டம் வாங்கும் முதல் ஆள் அவள்தான்.

சிக்கல் அந்தத் தேதியில் இருந்தது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வியாபாரிகள், முந்தைய மாத விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் மட்டுமல்ல, சரக்கு வாங்கிய கடைக்காரர்களுக்குக் கிடைக்க வேண்டிய வரிக் கழிவும் ஒரு மாதம் தள்ளிப்போகும். பில்களைப் பதிவு செய்து சரிபார்ப்பது அவளுடைய வேலை.

"காய்ச்சல்னு சொல்லிடு கண்ணு, யார் கேக்கப் போறாங்க" என்றார் அம்மா. கடையில் அவளுக்கு மூத்தவரான கணக்காளர் அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "சாயங்காலமே கறுப்பு அங்கியோட போட்டோ ஸ்டேட்டஸ்ல வந்துடும். உனக்கு நிஜமாவே காய்ச்சல் வர்றப்ப யாரு நம்புவாங்க?"

சட்டமும் உண்மையின் பக்கம்தான் இருக்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். அதன் 25-ஆம் பிரிவு, வேலையில் சேர்ந்த முதல் 12 மாதங்களிலேயே, நியாயமான காரணத்துக்காக 12 நாட்கள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு தருகிறது. உடல்நலக் குறைவுக்கான 12 நாட்கள் அதற்குத் தனி. பொய்க் காய்ச்சல் அந்த இரண்டாவது கணக்கில் கை வைக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர், ஒரு வருடம் முடிந்தால்தான் லீவு என்று நினைக்கிறார்கள். அந்த நிபந்தனை, வருடத்துக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய இன்னொரு வகை விடுமுறைக்குத்தான்.

அடுத்த கேள்வி, எத்தனை நாள்? அழைப்பிதழின் பின்பக்கத்தில் விவரம் இருந்தது. காலை 9 மணிக்கு அங்கி வாங்கிக்கொண்டு ஒத்திகை, 11 மணிக்கு விழா, முடிந்ததும் அங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அரை நாள் போதாது. ஒத்திகை அன்றைக்கே என்பதால் இரண்டு நாளும் வேண்டாம். சில இடங்களில் ஒத்திகையை முதல் நாளே வைத்துவிடுவார்கள். அதைப் பார்க்காமல் ஒரு நாள் மட்டும் கேட்டுவிட்டு, பிறகு இன்னொரு நாள் கேட்டால் முதல் கடிதத்தின் மரியாதையும் போய்விடும்.

அவள் முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்தது, அம்மாவின் ஆசை எல்லாம் அதில் இருந்தன. தேதி மட்டும் கடைசி வரியில், "வரும் புதன்கிழமை" என்று இருந்தது. அக்கா படித்துவிட்டு, "முதலாளி இதுல தேடப் போறது மூணே மூணுதான். என்னிக்கு, எதுக்கு, அன்னிக்கு உன் வேலைய யார் பாக்கறது? மூணாவது இதுல இல்லையேம்மா" என்றார். அதன்பின் எழுதிய கடிதம் இது:

அனுப்புநர்: (பெயர்), கணக்கு உதவியாளர்
பெறுநர்: உரிமையாளர் அவர்கள்

ஐயா,

பொருள்: 11.03.2026 அன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டி.

வணக்கம். நான் பயின்ற கல்லூரியில் 11.03.2026, புதன்கிழமை நடைபெறும் பட்டமளிப்பு விழாவில் பி.காம். பட்டம் பெற இருக்கிறேன். காலை 9 மணிக்கே ஒத்திகை இருப்பதால் அன்று முழு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி மாத விற்பனை பில்களின் பதிவை 9-ஆம் தேதி மாலைக்குள் முடித்து, சரிபார்த்த பட்டியலை 10-ஆம் தேதி கணக்காளரிடம் ஒப்படைத்துவிடுவேன். தாக்கலை அவர் செய்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். 12-ஆம் தேதி காலை வழக்கம்போல் பணிக்கு வருவேன்.

அழைப்பிதழின் நகலை இணைத்துள்ளேன்.

நன்றி.
இப்படிக்கு,
(கையொப்பம்)
இடம்: தருமபுரி
நாள்: 02.03.2026

'லீவு எடுக்கிறேன்' என்று அறிவிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. "கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அக்காவின் பொறுப்பில் ஒரு வேலையை எழுதுவதற்கு முன் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். கேட்காமல் எழுதியிருந்தால் முதலாளி அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போதே கடிதம் விழுந்திருக்கும். ஒன்பது நாள் முன்னதாகக் கொடுத்ததால், வேலையை முன்கூட்டி முடிக்க நேரமும் இருந்தது.

முதலாளி கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். "பதினொண்ணாம் தேதியா?" என்று ஆரம்பித்தவர், இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டு நிறுத்தினார். ஓரத்தில் "அனுமதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அவள் அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டாள். வாயால் "சரி, போய்ட்டு வா" என்று கிடைக்கும் அனுமதி மாதக் கடைசியில் மறந்துபோகும். வாட்ஸ்அப்பில் கேட்பதாக இருந்தாலும் இதே விவரங்கள் வேண்டும். நீல டிக் விழுந்தால் அவர் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம், சரி என்றல்ல.

அனுமதி கிடைக்காமல் போயிருந்தால்? பட்டம் ரத்தாகாது. விழாவுக்கு வராதவர்கள் சான்றிதழைப் பின்னர் கல்லூரி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வேலைக்கும் மேற்படிப்புக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால், அலுவலக ஜன்னலில் வாங்கும்போது பின்வரிசையில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை அவர்கள் மூவரும் விடிவதற்குள் கிளம்பிப் போனார்கள். மேடையில் பெயரைக் கூப்பிட்டு, சான்றிதழ் வாங்கி, இறங்கி வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்பா எடுத்த போட்டோவில் அவள் தலை பாதிதான் விழுந்திருந்தது. அதையே ஸ்டேட்டஸில் வைத்தாள். கடையிலிருந்து முதலில் வாழ்த்து அனுப்பியவர் முதலாளி.

மார்ச் மாதச் சம்பளத்தில் ஒரு நாள் குறைந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் 11-ஆம் தேதிக்கு நேரே யாரோ பழக்கத்தில் 'ஆப்சென்ட்' போட்டிருந்தார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பதிவேட்டில் அதை அடித்துவிட்டு 'த.வி.' என்று எழுதினார்கள். பிடித்த பணம் மறுநாளே வந்துவிட்டது.