மாற்றத்தக்க இக்காமா

சவூதி அரேபியாவில் வெளியாகும் வேலை விளம்பரங்கள் பலவற்றின் இறுதியில் 'மாற்றத்தக்க இக்காமா உடையோர் மட்டும்' என்னும் வரியைக் காண்கிறோம். இறுதியில் நிற்பினும் அதுவே முதற் சல்லடை.

காரணம் எளிது. அயல்நாட்டிலிருந்து ஒருவரை அழைக்க, நிறுவனம் அரசிடம் விசா ஒதுக்கீடு பெறவேண்டும். பின்னர் மருத்துவப் பரிசோதனை, தூதரக விசா நடைமுறை எனக் காலம் செல்லும். அங்கேயே பணி இக்காமாவுடன் இருப்பவரையோ 'கிவா' இணையத்தளத்தின் வழியே தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, ஓராண்டுப் பணி முடித்தவர் உரிய அறிவிப்புக் கொடுத்துப் பழைய முதலாளியின் இசைவின்றியே மாறலாம். வீட்டுப் பணியாளர்க்கு இது பொருந்தாது.

ரியாத்தில் ஈராண்டு பணியாற்றிய கணக்காளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 'விசா உண்டு' என்று மட்டும் அவர் எழுதினால், அது வருகை விசாவா, குடும்ப விசாவா, பணி இக்காமாவா என்பது விளங்காது, விண்ணப்பம் ஒதுக்கப்படும். பெயருக்குக் கீழேயே அவர் எழுதவேண்டியது இது: 'ரியாத்தில் வசிக்கிறேன், பணி இக்காமா, மாற்றத்தக்கது, அதிலுள்ள தொழில் கணக்காளர், அறிவிப்புக் காலம் 60 நாள்.' இக்காமா முடியும் மாதத்தையும் சேர்த்தல் நன்று. அதிலுள்ள தொழிற்பெயர் வேறாயின் அதையும் மறையாது சொல்லவேண்டும். மறைத்தாலும் மாற்றம் கோரும் நாளில் வெளிப்பட்டுவிடும். இக்காமா எண்ணும் கடவுச்சீட்டு எண்ணும் முதல் விண்ணப்பத்தில் வேண்டா.

ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் நம் மாணவர், 'இந்தியாவில் உள்ளேன். புதிய பணி விசா தேவை' என்றே எழுதட்டும். அவ்வரி சில கதவுகளை அடைக்கும். விசா ஒதுக்கீடு கைவசமுள்ள நிறுவனத்துக்கோ அதுவே வேண்டிய செய்தி.