போக்குக்கு முன் வந்த கனவு

அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள பழைய வீடொன்றில், விடியற்காலை நான்கு மணிக்கு அந்த அம்மையார் விழித்துக்கொண்டார். கனவில் ஏரி வற்றிக் கிடந்தது. வெடித்த சேற்றின்மேல் மகள் வெறுங்காலோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் விட்டுச் சென்ற செருப்பு தாயின் கையில் இருந்தது. கூப்பிட வாய் திறந்தும் குரல் எழவில்லை.

மகளுக்கு 27 வயது. பெங்களூரிலேயே முனைவர் பட்டம் முடித்து, மேலாய்வுக்காக ஜெர்மனி செல்ல இருக்கிறாள். இன்னும் 12 நாள். அவளுடைய விண்ணப்பத்தைப் பிழை பார்த்தவரும், வங்கியிலிருந்த வைப்புத்தொகையை எடுத்துக் கொடுத்தவரும் தாய்தான். நகரத்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற அவருக்கு, வற்றிய நீர்நிலையும் வெறுங்காலும் எந்தத் திணைக்கு உரியவை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். பொருளியலில் கனவு பற்றிய நூற்பாவை அடுத்து, அக்கனவு தாய்க்கும் உரியது என்று ஒரு நூற்பா வருகிறது. ஆனால் ஒரு வரையறையோடு: மகளின் உடன்போக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும். தாய் வேறு எதைக் கனவு காண்பாள் என்பதில் இலக்கணத்துக்கு அக்கறை இல்லை. வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு நிமிடத்தில் அவர் கடந்து சென்ற நூற்பா அது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வந்ததாகவும் நினைவில்லை.

இந்த மகள் உடன்போகவில்லை, விமானச்சீட்டோடு போகிறாள். வேறுபாடு அங்கேதான் என்று அவருக்கு முதலில் தோன்றியது. அகநானூற்றின் 49ஆம் பாட்டில் வரும் தாய் ஒன்றும் அறியாதவள். மகள் முன்போல் இல்லை என்பதை மட்டும் கண்டுகொள்கிறாள். கட்டப்பட்ட கன்றை நோக்கும் பசுவைப்போல அவள் முதுகைப் பார்த்தபடி அருகில் சென்று, நெற்றியை நீவி, மெல்லத் தழுவுகிறாள். மகளோ உடல் வியர்க்கும்படி பலமுறை தழுவிக்கொள்கிறாள். அது விடைபெறுதல் என்பது அவள் போன பிறகே தாய்க்கு விளங்குகிறது. முன்பே அறிந்திருந்தால் மகள் விளையாடிய இடங்களை விட்டு அகலாமல் இருந்திருப்பேனே என்பது அவள் புலம்பல்.

அல்சூர்த் தாய்க்கு நாள் தெரியும், நேரம் தெரியும், இருக்கை எண்கூடத் தெரியும். கந்தரத்தனாரின் தாய் ஏங்கிய முன்னறிவு முழுவதும் இவரிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடிகிறது என்றால், அந்தத் தாய் செய்யக் கிடைக்காததை, அகலாமல் இருப்பதை, செய்ய முடிகிறது. மகள் துணி மடிக்கும் அறையில் போய் உட்காருகிறார். அவள் சமையலறைக்கு வந்தால் இவரும் வருகிறார். மொட்டை மாடியில் அவள் தொலைபேசியில் பேசும்போது இவருக்குக் கொடியில் காயாத துணியை எடுக்க வேண்டியிருக்கிறது.

"என்னம்மா, பின்னாடியே வர்றே?"

"பெட்டி எவ்வளவு ஆச்சுன்னு பாக்கத்தான்."

பெட்டி 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு கிலோ கூடியிருந்தது. பருப்புப்பொடியை வெளியே எடுத்தாள் மகள். தாய் அதை மீண்டும் உள்ளே வைத்து ஒரு புத்தகத்தை எடுத்தார். கனவை அவர் சொல்லவில்லை. சொன்னால் பயணத்துக்கு ஆகாது என்ற அச்சம் படித்தவர்களையும் விடுவதில்லை. உடன்போக்கில் தாய் நிமித்தமும் நற்சொல்லும் பார்ப்பதைத் தொல்காப்பியமே சொல்கிறது. அங்கே தாய் எண்ணுவதாகக் கூறப்படும் மூவரில் முதலில் நிற்பவள் தாயே; பிறகு அவன், கடைசியில் மகள். யாப்பு அப்படி அமைந்தது என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

மாமூலனாரின் 55ஆம் அகப்பாட்டு இதை மறைக்காமல் பேசுகிறது. அங்கே மகளை இழந்த தாய், மகள் போனதற்காகத் தான் அழியவில்லை என்கிறாள். கொல்லன் உலைத்துருத்திபோல் பெருமூச்செறிந்து, உறக்கமின்றிக் கனவால் அலைக்கழிந்து, தன் உயிரோடு பிணங்குகிறாள். அது இன்னும் போகவில்லையே என்று. வெண்ணிப் போரில் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரலாதனோடு சான்றோர் உயிர் நீத்ததை அவள் நினைத்துக்கொள்கிறாள். துயரத்தின் மையம் வெயிலில் நடப்பவளிடம் இல்லை, வீட்டில் எஞ்சியிருப்பவளிடம் இருக்கிறது.

கனவில் மகளின் முகம் ஏன் தெரியவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. கையில் இருந்த செருப்பு தெரிந்தது. தன் கை தெரிந்தது. நின்ற கரை தெரிந்தது.

மாலையில் மகள் பெட்டியை மறுபடியும் தராசில் ஏற்றினாள். இருபத்து மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எடுத்து வைத்த புத்தகத்தைத் திரும்பவும் உள்ளே வைக்கலாமா என்று கேட்டாள். அது இங்கேயே இருக்கட்டும், நீ வரும்போது படி என்றார் தாய்.