எழுத்துப்பிழை வீதமும் சொற்பிழை வீதமும்

பழைய நூலொன்றைக் கணினியின் எழுத்துணரிக்குக் கொடுத்துப் பெற்ற படியைக் காட்டி, “நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி” என்று கூறுவாருளர். எதில் நூறு, எவ்வாறு எண்ணிய தொண்ணூற்றைந்து என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. இறுதியாண்டு ஆய்வின் பொருட்டு அவ்வினாக்களுக்கு விடை தேட நேர்ந்தமையால் யான் அறிந்துகொண்ட சிலவற்றை இக்கட்டுரையிற் கூற முற்படுகின்றேன்.

யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பெற்ற பழைய சிறுநூல்களில் போர்த்துக்கேயச் சொற்கள் எவ்வாறு பயின்று வருகின்றன என்பதே என் ஆய்வுப்பொருள். கதிரை, அலுமாரி, சப்பாத்து முதலாய சொற்கள் நம் பேச்சில் இரண்டறக் கலந்துள்ளன. அவை அச்சேறிய இடங்களைத் தேடிப் பிடிப்பதற்காக 160 பக்கங்களின் ஒளிப்படங்களை எழுத்துணரி வாயிலாகப் படியெடுத்தோம். தேடியபோது ஒரு நூலிற் ‘கதிரை’ அகப்படவில்லை. அச்சொல் அந்நூலில் இல்லை என்று எழுதிவிடலாமா? நூலாசிரியர் அதனை ஆளவில்லையா, எழுத்துணரி அதனைத் தவறவிட்டதா என்று தெரியாமல் அவ்வாறு எழுதுதல் தகாது. படியின் பிழையை அளக்க வேண்டிய தேவை இவ்விடத்தேதான் பிறந்தது.

அளவை முறை எளியது. மூலத்தோடு ஒத்துப் பார்த்த திருத்தமான பாடம் ஒன்று வேண்டும். கணினி தந்த பாடத்தை அதனோடு ஒப்பிட்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த திருத்தங்களை எண்ண வேண்டும். இவ்வெண்ணிக்கை, அதனை 1965 இல் வரையறுத்த சோவியத் கணித அறிஞர் லெவென்ஷ்தெயினின் பெயரால் வழங்குகின்றது. திருத்தங்கள் மூவகைப்படும். இல்லாதது புகுதல், ஒன்று மற்றொன்றாதல், உள்ளது விடுபடுதல் என்பனவே அவை. புணர்ச்சி விகாரங்களைக் கற்ற நமக்குத் தோன்றல், திரிதல், கெடுதல் என்றால் உடனே விளங்கும். மூன்றையும் கூட்டித் திருத்தமான பாடத்தின் மொத்த எழுத்துத் தொகையால் வகுத்தால் எழுத்துப்பிழை வீதம் வரும். எழுத்துக்குப் பதிலாகச் சொல்லை அலகாகக் கொண்டால் வருவது சொற்பிழை வீதம்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். மூலத்தில் ‘முற்றத்திலே பழைய கதிரை ஒன்று கிடந்தது’ என இருக்க, எழுத்துணரி ‘முற்றத் திலே பழைய கதினர ஒன்று கிடநதது’ எனத் தருகின்றது என்று கொள்வோம். மூன்று இடங்களிற் பிழை நேர்ந்துள்ளது. முதற் சொல்லின் நடுவே ஓர் இடைவெளி தோன்றிற்று. ஈற்றுச் சொல்லில் மங்கிய புள்ளி கெட்டது. ‘ரை’ என்பதன் முன் நிற்கும் ஐகாரக் குறி னகரமாகத் தோற்றமளித்தமையால் ‘னர’ என்றாயிற்று. கண்ணுக்கு இது ஒரே மயக்கம். கணக்கிலோ ஓரெழுத்துத் திரிந்து மற்றோரெழுத்துத் தோன்றியதாக இரண்டாகின்றது. ஆகத் திருத்தங்கள் நான்கு.

இனி, நான்கை எதனால் வகுப்பது? இலக்கண நெறிப்படி எண்ணினால் அவ்வரியில் 20 எழுத்துகளும் நான்கு இடைவெளிகளுமாக 24 அலகுகள் உள. பிழை வீதம் நூற்றுக்கு 17 அளவில் வரும். கணினியின் ஒருங்குறியோ வேறு வகையில் எண்ணும். நமக்குக் ககர மெய்யும் அகரமும் சேர்ந்தது ‘க’. ஒருங்குறிக்குக் ககரமும் புள்ளியும் சேர்ந்தது ‘க்’. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வோர் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அதே வரியில் 37 அலகுகளாகின்றன. திருத்தங்கள் இவ்வெண்ணிக்கையிலும் நான்கே. பிழை வீதம் நூற்றுக்கு 11 ஆகச் சுருங்கிவிடுகின்றது. எழுத்துணரி சிறிதும் திருந்தவில்லை. வகுக்கும் எண்ணே மாறிற்று. எனவே எந்த அலகு என்று கூறாத வீதத்தை வேறொருவரின் வீதத்தோடு ஒப்பிடுதல் பொருளற்றது. மேலும், ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் கணினியில் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை, ஒப்பிடும் நிரலோ பிழையென்று எண்ணும். ஒப்பிடுமுன் இரு பாடங்களையும் NFC என்னும் ஒரே வடிவத்திற்குக் கொணர்ந்தால் இப்பொய்ப்பிழை நீங்கும்.

சொற்பிழை வீதத்தை நோக்கினால் வியப்பு மிகும். ஐந்து சொற்களில் மூன்று திரிந்தன. ‘திலே’ என ஒன்று புதிதாகத் தோன்றிற்று. ஐந்துக்கு நான்கு, அதாவது நூற்றுக்கு 80. புகுந்த இடைவெளியை மட்டும் நீக்கிவிட்டால் அது 40 ஆகிவிடும். நம் பழைய அச்சிற் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் நிறுத்துவதில் ஒரே சீர்மை இல்லை. மூலத்தில் உள்ளவாறே இடைவெளி விடுவதா, இக்கால வழக்குக்கேற்பப் பிரிப்பதா என்பதை எண்ணத் தொடங்குமுன்பே முடிவு செய்து எழுதிவைத்தல் வேண்டும்.

160 பக்கங்களையும் ஒத்துப் பார்ப்பது இயலாதாகையால், எல்லா வரிகளுக்கும் எண்ணிட்டுத் திருவுளச்சீட்டு முறையில் 40 வரிகளைத் தெரிவு செய்தோம். முதற் பக்கங்களையே எடுத்திருந்தால் தெளிந்த பெரிய அச்சே மிகுதியும் அகப்பட்டிருக்கும். நானும் என் நண்பர் ஒருவரும் கணினியின் பாடத்தைப் பாராமல், ஒளிப்படத்தை மட்டும் நோக்கி வரிகளைத் தனித்தனியே தட்டெழுதினோம். கணினியின் பாடத்தை முன்னே வைத்துத் திருத்தப் புகுந்தால் அதன் பிழையையே கண் சரியென ஏற்றுக்கொள்ளும். எங்கள் இருவரின் பாடங்களும் வேறுபட்ட இடங்களில் மீண்டும் மூலத்தை நோக்கி முடிவு செய்தோம்.

அவ்வரிகளில் இடைவெளி உட்பட 1,412 எழுத்துகளும் 71 பிழைகளும் இருந்தன. வீதம் நூற்றுக்கு ஐந்து. ஆயின் 24 பிழைகள் பூச்சியரித்த ஒரே வரியில் விளைந்தவை. அவ்வரி சீட்டில் விழாதிருந்தால் வீதம் மூன்றரையளவில் நின்றிருக்கும். அத்தகைய வரி இன்னொன்று விழுந்திருந்தால் ஆறரையைக் கடந்திருக்கும். இத்தளம்பலை அளக்க ஒரு வழி உண்டு. 40 வரிகளையும் சீட்டுகளாக்கி, எடுத்த சீட்டை மீண்டும் இட்டுக்கொண்டே 40 தடவை எடுத்து வீதம் காண வேண்டும். இதனைக் கணினியால் ஆயிரந் தடவை செய்வித்து, இரு கோடியிலும் உள்ள இரண்டரை வீதத்தை ஒதுக்கினோம். எஞ்சியவை ஏறத்தாழ இரண்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையே பரந்து கிடந்தன. ‘ஐந்து’ என்னும் எண்ணுக்கு இவ்வளவே உறுதி. எழுத்துணரியின் பிழை ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தது என்று பறைசாற்ற இச்சிறு மாதிரி இடந்தராது.

என் வினாவுக்கு விடை தந்தது சொற்கணக்கே. 204 சொற்களிற் பிழை 41, ஐந்துக்கு ஒன்று. அதனிலும், ஐகாரக் குறி வரும் 50 சொற்களை மட்டும் தனியே நோக்கியபோது 15 பிழைபட்டிருந்தன. சொற்கள் ஐம்பதேயாதலின் இவ்வெண்ணும் தளம்பக்கூடியது. எனினும் ‘கதிரை’ அவ்வினத்தைச் சேர்ந்ததாகையால், அது வருமிடங்களிற் பத்துக்கு மூன்றளவில் தேடலுக்கு அகப்படாது போகலாம் என்று கொள்வதே தகும். ஒரு நூலில் ஒரே தடவை வந்த சொல்லாயின் அதன் இன்மையைத் தேடல் நிறுவாது.

ஆகவே ஆய்வேட்டில் ‘இல்லை’ என்று எழுதவில்லை. ‘கதினர’ என்னும் பொருளற்ற வடிவத்தைத் தேடினேன், இரண்டிடங்களில் அகப்பட்டது. இரண்டிலும் மூலத்தில் இருந்தது ‘கதிரை’யே. எஞ்சிய பக்கங்களை இப்பொழுது கண்ணாற் படித்து வருகின்றேன்.